விரலிடுக்கில் புதையும் முடி: நாய் ஓயாமல் பாதத்தை நக்குவது ஏன்?

நாய் பாதத்தை நக்குவதில் தவறில்லை. வெளியே போய்வந்த பிறகும், ஈரத்தில் நடந்த பிறகும், தூங்கப்போகும் முன்பும் சில நிமிடம் நக்கிச் சுத்தம் செய்துகொண்டு விட்டுவிடும். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நக்குவதை நிறுத்திவிட்டு எழுந்து வரும். நோயால் நக்கும் நாய் அப்படி விடாது. சாப்பாட்டுத் தட்டை வைத்தாலும் இரண்டு வாய் தின்றுவிட்டுத் திரும்பவும் பாதத்துக்குப் போகும். இரவில் வீடு அடங்கியபின் சப்புக்கொட்டும் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். சில நாய்கள் முன்பற்களால் விரலிடுக்கைக் கொறிக்கும்.

வெளிர்நிற நாய் என்றால் வாரக்கணக்கான நக்குதலுக்கு ஒரு தடயம் இருக்கும். பாதத்து முடி துருப்பிடித்தது போலச் செம்பழுப்பாக மாறியிருக்கும். எச்சிலில் உள்ள போர்ஃபிரின் என்ற நிறப்பொருள் முடியில் படிவதால் வரும் நிறம் அது. இரத்தமும் இல்லை, அழுக்கும் இல்லை. நாய் நக்குவதை வீட்டில் யாரும் பார்க்கவில்லை என்றாலும் இந்தக் கறை காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்த கட்டமாக விரல்களுக்கு நடுவே ஒரு கட்டி கிளம்பும். செந்நிறமாகவோ ஊதா கலந்த சிவப்பாகவோ, தோல் பளபளவென்று இழுபட்டு, 1 முதல் 2 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். தொட்டால் நாய் காலை இழுத்துக்கொள்ளும். சில நாய்கள் நொண்டும். சில நாட்களில் கட்டி உடைந்து இரத்தம் கலந்த நீர் வடியும், வலி குறையும், நாயும் தேறியதுபோலத் தெரியும். சில வாரம் கழித்து அதே இடத்திலோ பக்கத்து இடுக்கிலோ மறுபடி ஒன்று கிளம்பும். இப்படிக் கட்டி திரும்பத் திரும்ப வருவதற்கான காரணம், அது உண்டாகும் விதத்திலேயே இருக்கிறது.

கட்டிக்குள் இருப்பது

இந்தக் கட்டியை நீர்க்கட்டி என்றே பலரும் சொல்வார்கள். உறை ஒன்றுக்குள் திரவம் தேங்கிய உண்மையான நீர்க்கட்டியாக இது இருப்பது அரிது. பெரும்பாலும் இது மயிர்க்கால் உடைந்து, உள்ளிருந்த முடி சதைக்குள் சிதறியதால் எழுந்த ஆழமான அழற்சி.

தோலில் ஒவ்வொரு முடியும் ஒரு குழிக்குள் வேர்விட்டிருக்கிறது. அந்தக் குழிதான் மயிர்க்கால். விரல்களுக்கு நடுவே உள்ள சவ்வுத்தோலிலும் முடி உண்டு. லாப்ரடார், பாக்ஸர், புல்டாக், கிரேட் டேன், மாஸ்டிஃப், டாஷ்ஹண்ட் போன்ற இனங்களில் இந்த முடி குட்டையாகவும் விறைப்பாகவும் இருக்கும். நாய் காலை ஊன்றும்போது இந்தத் தோல் மடிந்து உராயும். விறைத்த முடி வளைந்துகொடுக்காமல் வந்த வழியே உள்நோக்கித் தள்ளப்படும். நக்குவதும் கொறிப்பதும் அதே வேலையை இன்னும் வேகமாகச் செய்யும்.

முதலில் மயிர்க்காலின் வாய் வீங்கி அடைபடுகிறது. உள்ளே கழிவும் எண்ணெய்ப்பசையும் தேங்குகின்றன. தோலின் மேற்பரப்பில் வழக்கமாக வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் இனப் பாக்டீரியா அந்தத் தேக்கத்தில் பெருகுகிறது. அழுத்தம் கூடும்போது மயிர்க்காலின் சுவர் கிழிகிறது. முடித்துண்டு தோலின் அடியடுக்குக்குள் போய் விழுகிறது.

முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. நாயின் சொந்த முடிதான் என்றாலும், மயிர்க்காலுக்கு வெளியே சதைக்குள் கிடக்கும் முடியை உடல் தன்னுடையதாக ஏற்பதில்லை. தைத்த முள்ளைச் சுற்றி எப்படி வீங்குமோ அப்படியே இதைச் சுற்றியும் வீங்குகிறது. வெள்ளணுக்கள் வந்து சூழ்ந்துகொள்கின்றன. ஆனால் கெரட்டினை அவற்றால் எளிதில் செரிக்க முடியாது. அதனால் பாக்டீரியாவை மருந்தால் முழுக்கக் கொன்றபிறகும் முடித்துண்டு கிடக்கும் இடத்தில் அழற்சி தொடரலாம். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து சாப்பிட்டும் சில கட்டிகள் வற்றாமல் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். மயிர்க்கால் தானாகக் கெடுவதில்லை. அதை முதலில் வீங்கவைத்த ஏதோ ஒன்று இருக்கவேண்டும். அரிப்பால் நாய் நக்கியிருக்கலாம். பூச்சி மயிர்க்காலுக்குள் குடியேறியிருக்கலாம். உடல் எடை அந்தத் தோலை நசுக்கியிருக்கலாம். கட்டி கடைசியில் கண்ணுக்குத் தெரிவது மட்டுமே. முதல் காரணம் அப்படியே இருக்க, கட்டிக்கு மட்டும் மருந்து கொடுத்தால் அடுத்த மயிர்க்கால் உடையும்.

இதற்கிடையே நக்குதல் ஒரு சுழலாகிவிடுகிறது. எச்சிலால் விரலிடுக்கு எப்போதும் ஈரமாகவே இருக்கும். ஈரத்தில் தோல் ஊறி மென்மையாகும்; மலசீசியா என்ற பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகும். அவை தாமே அரிப்பை உண்டாக்கும். நாய் இன்னும் அதிகமாக நக்கும். இந்த நிலையில் பாதத்திலிருந்து புளித்த வாடை வரும். நகத்தின் அடிப்பகுதியில் பழுப்பு நிறப் பிசுக்கு ஒட்டியிருக்கும். பூஞ்சை தெரிகிறது என்பதால் பூஞ்சைதான் மூல நோய் என்று முடிவுகட்டிவிட முடியாது. பெரும்பாலும் அது வேறொன்று ஏற்படுத்திக்கொடுத்த ஈரத்தில் வளர்ந்ததாகவே இருக்கும்.

ஒரு காலா, பல கால்களா?

காரணம் தேடும்போது முதலில் கேட்கவேண்டிய கேள்வி, தொந்தரவு ஒரு பாதத்தில் மட்டுமா, பல பாதங்களிலுமா என்பது. இந்த ஒரு கேள்வியே சாத்தியங்களில் பாதியை ஒதுக்கிவிடும்.

ஒரே பாதத்தில், ஒரே இடுக்கில், திடீரென்று தொடங்கியது என்றால் அங்கே ஏதோ புகுந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். நெருஞ்சி முள், கருவேல முள், கண்ணாடிச் சில்லு, கூரான முனையுள்ள புல்விதை ஆகியவை வழக்கமானவை. புல்விதையின் மீசையில் பின்னோக்கிய நுண்சுணைகள் இருப்பதால் அது முன்னோக்கி மட்டுமே நகரும். தோலைத் துளைத்து நுழைந்த இடம் மூடிக்கொண்டபிறகும் உள்ளே பயணப்பட்டுக்கொண்டே இருக்கும். ஒரு துளை ஆறாமல் வாரக்கணக்கில் நீர் வடித்துக்கொண்டிருந்தால் இந்தச் சந்தேகம் வலுக்கும். புல்விதையும் மரமுள்ளும் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது; கண்ணாடி பல நேரம் தெரியும்.

நம் ஊர்களில் எளிதில் தவறிப்போவது உண்ணி. விரல்களை விரித்துப் பார்த்தால் இடுக்கின் ஆழத்தில் சாம்பல் நிற மணியாக ஒட்டிக்கொண்டிருக்கும். நாய்க்கு அங்கே அரிக்கும், நக்கும். உண்ணியைக் கையால் பிய்த்தால் அதன் வாயுறுப்பு தோலுக்குள்ளேயே தங்கி ஒரு சிறு கட்டியாகும். நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து எடுப்பதே முறை.

நகம் பிளந்திருப்பது, நகக்கண்ணில் சீழ், பாதத்தில் எலும்பு முறிவு ஆகியவையும் ஒற்றைக்கால் காரணங்கள். கீல்வாதம் உள்ள வயதான நாய், வலிக்கும் மூட்டுக்கு மேலுள்ள தோலையோ அந்தக் காலின் பாதத்தையோ நக்கிக்கொண்டே இருக்கக்கூடும். வயதான நாயின் ஒரு விரல் மட்டும் மெல்ல வீங்கி, நகம் கழன்று, மருந்துக்கு அடங்காமல் இருந்தால் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்துகொள்வது அவசியம். நகக்கண்ணில் வரும் ஒருவகைத் தோல் புற்று, ஆறாத புண் போலவே தோன்றும். மாதக்கணக்கில் களிம்பு தடவிக் காலம் கடத்தப்படுவதும் உண்டு.

இரண்டு அல்லது நான்கு பாதங்களிலும் தொந்தரவு இருந்தால், அதிலும் முன்னங்கால் இரண்டும் ஒருசேரப் பாதிக்கப்பட்டால், காரணம் வெளியிலிருந்து குத்திய பொருளாக இருக்க வாய்ப்புக் குறைவு. அப்போது தேடவேண்டியவை மூன்று: ஒவ்வாமை, மயிர்க்காலில் வாழும் டெமோடெக்ஸ் பூச்சி, எடையோடு சேர்ந்த பாத அமைப்பு. இவை தவிர ஈரமண்ணில் இருக்கும் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் பாதத்தோலைத் துளைப்பது, உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே தோலைத் தாக்குவது, தைராய்டு சுரப்புக் குறைவு போன்ற அரிய காரணங்களும் உண்டு. பெரும்பாலான நாய்களில் விடை முதல் மூன்றுக்குள்ளேயே இருக்கும்.

ஒவ்வாமை

ஓயாத நக்குதலுக்குப் பின்னால் மிக அதிகமாக இருப்பது ஒவ்வாமைதான். மனிதருக்கு ஒவ்வாமை என்றால் தும்மலும் மூக்கொழுகலும் முதலில் வரும். நாய்க்கு முதலில் வருவது தோலரிப்பு. பாதம், காது, அக்குள், அடிவயிறு, முகம் ஆகியவை அதிகம் அரிக்கும் இடங்கள். பாதத்தை நக்கும் நாய்க்கு அடிக்கடி காதிலும் சீழோ பிசுக்கோ வருகிறது என்றால், இரண்டும் ஒரே நோயின் இரு முகங்களாக இருக்க வாய்ப்பு மிகுதி.

சுற்றுப்புறத்தில் உள்ள வீட்டுத்தூசிப் பூச்சி, மகரந்தம், பூஞ்சை வித்து ஆகியவற்றுக்கு எழும் ஒவ்வாமையை அட்டோப்பி என்பார்கள். இது பெரும்பாலும் 6 மாதத்திலிருந்து 3 வயதுக்குள் தொடங்கும். சில நாய்களுக்குக் குறிப்பிட்ட பருவத்தில் மட்டும் வரும். தூசிப்பூச்சியால் வருவது ஆண்டு முழுதும் நீடிக்கும்.

உணவு ஒவ்வாமை எந்த வயதிலும் தொடங்கலாம். புதிதாகக் கொடுத்த உணவால்தான் வரும் என்பது தவறான எண்ணம். ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டுவந்த கோழிக்கறிக்கே ஒரு நாய் ஒவ்வாமை கொள்ளலாம். மாட்டிறைச்சி, பால் பொருட்கள், கோழி, கோதுமை ஆகியவை அதிகம் குற்றவாளியாவன. அரிசி அப்படி ஆவது குறைவு. எனவே தயிர்சாதம் சாப்பிடும் நாய்க்கு ஒவ்வாமை வந்தால் சோற்றைவிடத் தயிரையே முதலில் சந்தேகிக்கவேண்டும்.

அட்டோப்பியா, உணவா என்று பார்வையால் பிரித்தறிய முடியாது. இரத்தப் பரிசோதனையில் உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிப்பதும் நம்பத்தக்கதாக இல்லை. இருக்கும் ஒரே நல்ல வழி பத்தியச் சோதனை. நாய் அதுவரை சாப்பிட்டிராத ஒரு புரதமும் ஒரு மாவுப்பொருளும் மட்டும் கொடுப்பது, அல்லது புரதத்தை மிக நுண்ணிய துண்டுகளாக உடைத்துத் தயாரித்த மருத்துவ உணவைக் கொடுப்பது. இதை 8 வாரம் கடைப்பிடித்தால் உணவு ஒவ்வாமை உள்ள நாய்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் தெளிவாகக் குணம் தெரியும். பிறகு பழைய உணவைத் திரும்பக் கொடுக்கவேண்டும். அரிப்பு மீண்டும் வந்தால்தான் உணவே காரணம் என்று உறுதியாகும்.

சோதனை கெடுவது பெரும்பாலும் சின்னச் சின்ன இடங்களில். பாட்டி கொடுக்கும் ஒரு பிஸ்கட், குழந்தை சிந்திய பால், கோழிச்சுவை சேர்த்த பூச்சி மாத்திரை, மென்று விளையாடக் கொடுக்கும் எலும்பு, இவற்றில் ஒன்று போதும். வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொள்ளாமல் பத்தியம் தொடங்குவது வீண்.

டெமோடெக்ஸ்

டெமோடெக்ஸ் கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரி. நீண்ட உடலும், முன்பக்கம் எட்டுக் குட்டைக் கால்களும் கொண்டு மயிர்க்காலுக்குள்ளேயே பிறந்து வளர்ந்து சாகும். பிறந்த முதல் சில நாட்களில் பால் குடிக்கும்போது தாயிடமிருந்து குட்டிக்கு வந்துவிடும். ஆரோக்கியமான நாய்களின் தோலிலும் சிறு எண்ணிக்கையில் இது உண்டு. எதிர்ப்பாற்றல் குறையும்போது எண்ணிக்கை பெருகி, மயிர்க்கால் நிரம்பி வீங்கி உடைகிறது. மனிதருக்கு இது ஒட்டாது.

குட்டிகளில் இது வந்து தானே மறைவதும் உண்டு. ஆனால் பாதத்தில் வந்தால் எளிதில் அடங்காது. சீழும் வீக்கமும் சேர்ந்து கடுமையாகும். வயதுவந்த நாய்க்கு முதல்முறையாக வந்தால், எதிர்ப்பாற்றலைக் குறைத்தது எது என்று தேடவேண்டும். அட்ரீனல் சுரப்பி மிகையாக வேலைசெய்வது, உள்ளே வளரும் புற்று, நீண்டகாலம் கொடுத்த ஸ்டீராய்டு ஆகியவை முக்கியமானவை.

டெமோடெக்ஸை முதலில் விலக்கிவிட்டே மற்ற சிகிச்சையைத் தொடங்குவதற்கு வலுவான காரணம் உண்டு. பாதம் சிவந்து அரிக்கிறது என்று ஸ்டீராய்டு ஊசி போட்டால் ஒவ்வாமை உள்ள நாய்க்கு இரண்டே நாளில் சுகம் தெரியும். டெமோடெக்ஸ் உள்ள நாய்க்கும் ஓரிரு நாள் வீக்கம் வற்றும். அதன்பின் எதிர்ப்பாற்றல் இன்னும் குறைந்து பூச்சி பன்மடங்காகும்.

எடையும் பாத அமைப்பும்

நாயின் உடல் எடையைத் தாங்குவது பாதத்தின் அடியில் உள்ள தடித்த மெத்தைகள். விரல்கள் அகன்று விரிந்த பாதமோ, அதிக எடையோ, மூட்டுவலியால் மாறிய நடையோ இருந்தால் மெத்தைகளுக்கு இடையிலுள்ள முடித்தோலும் தரையில் பதியத் தொடங்கும். அந்த வேலைக்கு அது படைக்கப்படவில்லை. நாளடைவில் அங்கே முடி உதிர்ந்து, தோல் காய்ப்புக் காய்த்து, இன்னொரு மெத்தை போலத் தடித்துவிடும். மயிர்க்கால்கள் அடைபட்டுக் கரும்புள்ளிகளாகத் தெரியும்.

இங்கே ஒரு ஏமாற்று நடக்கிறது. அடிப்பக்கத்தில் உடைந்த மயிர்க்காலின் அழற்சி, தடித்த காய்ப்பைத் துளைத்து வெளிவர முடியாமல் மேல்நோக்கி வழிதேடும். விரல்களின் மேற்புறத்தில் மெல்லிய தோலில் கட்டியாக எழுந்து அங்கே உடையும். மேலே தெரியும் கட்டிக்கு மருந்து போட்டுக்கொண்டிருப்பார்கள்; மூலமோ பாதத்தின் அடியில் இருக்கும். அதனால் பாதத்தைத் திருப்பி, மெத்தைகளை விலக்கி, அடித்தோலைப் பார்க்காத பரிசோதனை பாதிப் பரிசோதனைதான். முன்னங்கால்கள் பின்னங்கால்களைவிட அதிக எடையைத் தாங்குவதால் இவ்வகைக் கட்டி அங்கேயே அதிகம் வரும்.

மருத்துவர் செய்யும் சோதனைகள்

சோதனைகள் எளிமையானவை, பெரும்பாலானவற்றுக்கு ஒரு நுண்ணோக்கி இருந்தால் போதும். முதலில் ஒளிபுகும் ஒட்டுநாடாவை விரலிடுக்கில் ஒற்றியெடுத்துச் சாயமேற்றிப் பார்ப்பார்கள். நிலக்கடலை வடிவில் ஊதா நிறத்தில் தெரிவது மலசீசியா பூஞ்சை. அதைவிட மிகச் சிறிய உருண்டைகளாகக் கொத்துக்கொத்தாகத் தெரிவது பாக்டீரியா. இரண்டும் ஒரே தகட்டில் இருப்பது சாதாரணம்.

டெமோடெக்ஸுக்குத் தோலைச் சுரண்டிப் பார்க்கவேண்டும். திரவப் பாரஃபின் தடவி, தோலை விரல்களால் பிதுக்கி, நுண்குழாய் இரத்தம் கசியும்வரை கத்திமுனையால் சுரண்டினால்தான் மயிர்க்காலின் ஆழத்தில் உள்ளது வெளிவரும். மேலோட்டமாகச் சுரண்டிவிட்டு ‘பூச்சி இல்லை’ என்று சொல்வதற்கு மதிப்பில்லை. பாதத்தில் சுரண்டுவது வலிக்கும் என்பதால் சில முடிகளை வேரோடு பிடுங்கிப் பார்ப்பதும் உண்டு.

கட்டி ஆழமாக இருந்தால், அல்லது ஏற்கெனவே கொடுத்த மருந்துக்கு மசியவில்லை என்றால், எந்தப் பாக்டீரியா, எந்த மருந்துக்கு அடங்கும் என்று வளர்ப்புச் சோதனை செய்வார்கள். உடைந்து வடியும் சீழை ஒற்றி எடுத்தால் தோலிலும் எச்சிலிலும் உள்ள கிருமிகளும் சேர்ந்துவிடும். உடையாத கட்டியிலிருந்து ஊசியால் எடுத்த மாதிரியோ சிறு திசுத்துண்டோ சரியான விடையைத் தரும். ஒரே விரலில் நீடிக்கும் வீக்கத்துக்கு எக்ஸ்ரேயும் திசுப் பரிசோதனையும் தேவைப்படும்.

ஒரு லாப்ரடாரின் சிகிச்சை

இத்தகைய நாய்களில் வழக்கமாக நடப்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். நான்கு வயது ஆண் லாப்ரடார். எடை 39 கிலோ. இரண்டாம் வயதிலிருந்தே முன்பாதங்களை நக்கிவருகிறது; ஆண்டுக்கு இருமுறை காதுவலி. ஆறு மாதமாக இடது முன்பாதத்தில் கட்டி வந்து வந்து போகிறது; இப்போது வலதிலும் வந்திருக்கிறது. மூன்றுமுறை 7 நாள் நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் கட்டி வற்றியது, ஒரு மாதத்தில் திரும்பியது.

இந்த வரலாற்றிலேயே பாதி விடை இருக்கிறது. இரண்டு பாதங்களிலும் வந்ததால் முள் இல்லை. கட்டிக்கு ஒன்றரை ஆண்டு முன்பே நக்குதல் தொடங்கிவிட்டது, காதும் சேர்ந்திருக்கிறது, எனவே ஒவ்வாமை முன்னால் நிற்கிறது. மருந்துக்கு ஒவ்வொரு முறையும் வற்றியதால் பாக்டீரியாவுக்குப் பங்கு உண்டு. திரும்பி வந்ததால் 7 நாள் போதவில்லை, மூலமும் நீங்கவில்லை.

சுரண்டிப் பார்த்ததில் டெமோடெக்ஸ் இல்லை. ஒட்டுநாடாவில் பாக்டீரியாவும் பூஞ்சையும் இருந்தன. ஊசியால் எடுத்த மாதிரியில் வளர்ந்த ஸ்டெஃபைலோகாக்கஸ், செஃபலெக்சின் மருந்துக்கு அடங்குவது தெரிந்தது. மருந்து நாயின் எடைக்குச் சரியாகக் கணக்கிட்டுத் தரப்பட்டு, மூன்று வாரத்தில் மீண்டும் பரிசோதிக்கப்பட்டது. மேலே தோல் ஆறியிருந்தாலும், விரலால் தடவியபோது உள்ளே கெட்டியாக உருண்டது. எனவே மருந்து நீட்டிக்கப்பட்டு, தடவினால் கெட்டி தெரியாத நிலை ஆறாம் வாரத்தில் வந்தபிறகு நிறுத்தப்பட்டது. தோல் மூடியதும் மருந்தை விட்டதே முந்தைய மூன்று முறையும் நடந்த தவறு. கூடவே நாள்தோறும் பாதங்களைக் குளோர்ஹெக்சிடின் கலந்த திரவத்தால் துடைத்து உலர்த்தினார்கள். அரிப்பை அடக்க ஓக்லாசிட்டினிப் மாத்திரை முதல் சில வாரம் தரப்பட்டது.

முதல் நாளிலிருந்தே பத்தியம் தொடங்கியது. கோழிச்சோறும் தயிரும் நிறுத்தப்பட்டு, அதுவரை சாப்பிட்டிராத கடல்மீனும் உருளைக்கிழங்கும் மட்டும். அரிப்பு மாத்திரை தொடர்ந்தால் உணவின் பலன் தெரியாது என்பதால் ஆறாம் வாரத்தில் அதை நிறுத்திப் பார்த்தார்கள். நான்கு நாளில் நாய் மறுபடி நக்கத் தொடங்கியது. எட்டாம் வாரம்வரை பத்தியம் தொடர்ந்தும் மாற்றமில்லை. உணவு காரணமல்ல என்று முடிவாகி, உண்ணியும் தெள்ளும் ஏற்கெனவே கட்டுப்பாட்டில் இருந்ததால், எஞ்சிய அட்டோப்பி என்ற முடிவுக்கு வந்தார்கள்.

அட்டோப்பிக்கு நிரந்தரக் குணம் இல்லை, அடக்கிவைக்கலாம். மாத்திரை மீண்டும் தொடங்கியது. பாதம் துடைப்பது வாரம் மூன்றுமுறை என்று குறைந்தது. பிஸ்கட் நிறுத்தி, சாப்பாடு அளந்து கொடுக்கப்பட்டு, ஐந்து மாதத்தில் எடை 33 கிலோவுக்கு வந்தது. ஓராண்டில் ஒரே ஒருமுறை ஒரு சிறு கட்டி வந்தது. அதுவும் மழைக்காலத்தில் பாதம் துடைப்பது விட்டுப்போன இரண்டு வாரத்தில். இத்தகைய நாய்க்கு இதுவே நல்ல முடிவு.

பத்தியத்தில் குணமாகியிருந்தால் உணவை மாற்றுவதோடு முடிந்திருக்கும். டெமோடெக்ஸ் இருந்திருந்தால் ஃப்ளூராலனர், அஃபாக்ஸோலனர் போன்ற ஐசாக்ஸசோலின் வகை மாத்திரை தரப்பட்டு, ஒரு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு சுரண்டல்களில் பூச்சி இல்லை என்று தெரியும்வரை தொடர்ந்திருக்கும். வலிப்பு வரும் நாய்க்கு இந்த மாத்திரை தருவதில் எச்சரிக்கை தேவை. வலிப்பு வரலாற்றை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடவேண்டும்.

வீட்டில் செய்வதும் தவிர்ப்பதும்

வெளியே போய்வந்ததும் பாதத்தைச் சாதாரண நீரில் கழுவி, விரலிடுக்கு ஒவ்வொன்றையும் துணியால் ஒற்றி உலர்த்துவது ஒட்டியிருக்கும் மகரந்தத்தையும் தூசியையும் நீக்கும். உலர்த்தாமல் கழுவுவது கழுவாமல் இருப்பதைவிடக் கெடுதல். கட்டி எழும்போது வெதுவெதுப்பான நீரில் 5 முதல் 10 நிமிடம் பாதத்தை வைத்தால் வலி குறையும், தானே உடைய உதவும். எப்சம் உப்புக் கரைத்திருந்தால் அந்த நீரை நாய் குடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். குடித்தால் வயிற்றுப்போக்கு வரும். குளோர்ஹெக்சிடின் ஷாம்பு போட்டால் 10 நிமிடம் ஊறவிட்டுக் கழுவினால்தான் வேலைசெய்யும். கழுத்தில் மாட்டும் கூம்பு நக்குதலைத் தடுக்கும், அரிப்பைக் குறைக்காது. எனவே அது மருந்து வேலைசெய்யத் தொடங்கும்வரைக்கான ஏற்பாடு மட்டுமே.

கட்டியைப் பிதுக்கக்கூடாது. பிதுக்கினால் உள்ளிருப்பது வெளியே வருவதைவிட, முடித்துண்டும் கிருமியும் பக்கத்துத் திசுவுக்குள் பரவுவதே அதிகம். ஒரு கட்டி இரண்டாகும். மனிதருக்கான வலிமாத்திரைகளான ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமால் கல்லீரலைக் கெடுக்கும். சேற்றுப்புண்ணுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் களிம்புகளில் பல, வீரியமான ஸ்டீராய்டு கலந்தவை. தடவியதும் நாய் நக்கி விழுங்கிவிடும் என்பதோடு, டெமோடெக்ஸ் இருந்தால் நிலைமை மோசமாகும். உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவுவது தோலைப் பொசுக்கும்.

நாய் காலையே ஊன்றாமல் இருந்தால், காய்ச்சலடித்துச் சாப்பிட மறுத்தால், வீக்கம் பாதத்திலிருந்து காலுக்கு ஏறினால், அல்லது ஒரே விரல் மூன்று வாரத்துக்கு மேல் வீங்கியே இருந்தால் வீட்டு வைத்தியத்தில் நாள் கடத்தக்கூடாது.

அறுவை எப்போது?

மூலக் காரணத்தைக் கட்டுப்படுத்தியும் அதே இடத்தில் கட்டி வந்துகொண்டிருந்தால், அங்கே தோல் நிரந்தரமாகத் தழும்பேறி, உடைந்த முடிகள் உள்ளேயே புதைந்துபோயிருக்கக்கூடும். முதலில் அழற்சியை அடக்கும் சைக்ளோஸ்போரின் போன்ற மருந்தை, தொற்று இல்லை என்று உறுதிசெய்தபின், சில மாதம் கொடுத்துப் பார்ப்பார்கள். அதுவும் பலிக்காதபோது கார்பன் டை ஆக்சைடு லேசரால் கெட்ட மயிர்க்கால்களையும் புதைந்த முடிகளையும் அடுக்கடுக்காக ஆவியாக்கி நீக்கும் சிகிச்சை உண்டு. கடைசி வழியாக, விரலிடுக்குத் தோலை முழுக்க அகற்றிவிட்டு விரல்களை ஒன்றோடொன்று இணைத்துத் தைக்கும் அறுவையும் செய்யப்படுகிறது. இடுக்கே இல்லாமல் போவதால் அங்கே கட்டியும் வராது. குணமாகப் பல வாரம் ஆகும்; கட்டுமாற்றும் வேலை அதிகம். ஆனால் ஒவ்வாமையைக் கண்டறியாமல் இந்த அறுவையைச் செய்தால், நாய் மிச்சமிருக்கும் பாதங்களை நக்கத் தொடங்கும். கட்டி அங்கே போய் எழும்.